பெயர் சொல்லிக் கூப்பிட நா எழவில்லை: புது மேனேஜரை எப்படி வரவேற்பது?

கேள்வி: எனக்கு 41 வயது. கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் டிசைன் பிரிவில் 14 வருடம் இருந்தேன். அங்கே எல்லாருமே ‘சார்’தான். ஐந்து மாதம் முன்பு, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு இயந்திர வரைபடம் செய்து தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். இங்கே எல்லாரும் பெயர் சொல்லியே பேசிக்கொள்கிறார்கள். முதல் நாள் மேனேஜரைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகூப்பி ‘குட் மார்னிங் சார்’ என்றேன். ‘சார் எல்லாம் வேண்டாம், பெயரைச் சொல்லுங்க’ என்றார். எனக்கு நா எழவில்லை. அன்றிலிருந்து அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘ஓவரா குனியறாரு’ என்று பின்னால் யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. இப்போது அவர் அதே மாடியில் வேறு டீமுக்குப் போய்விட்டார். வரும் திங்கட்கிழமை பெங்களூரு அலுவலகத்திலிருந்து புது மேனேஜர் வருகிறார். பெண், தமிழ்நாட்டுக்காரர், என்னைவிட எட்டு வயது சின்னவர். மேடம் என்பதா, பெயர் சொல்வதா? கை கொடுப்பதா, வணக்கம் சொல்வதா? பொக்கே வாங்கிப் போகலாமா? மரியாதைக் குறைவாகவும் தெரியக் கூடாது, முதல் நாளிலேயே நல்ல பெயரும் எடுக்க வேண்டும்.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

‘எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை’ என்ற வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களைப் பார்த்து இல்லை, என்னை நினைத்து. ஆலோசகராவதற்கு முன்னால் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே என் மேலாளரும் பெயர் சொல்லச் சொன்னவர்தான். எனக்கும் வாய் வரவில்லை. ஒருநாள் காலை அவர் காரை நிறுத்திவிட்டு ஹெட்லைட்டை அணைக்காமல் லிஃப்டைப் பார்த்து நடக்கிறார். நான் இருபதடி பின்னால் வருகிறேன். சார் என்றால் கோபித்துக்கொள்வார், பெயரோ தொண்டையைத் தாண்டவில்லை. ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று கத்தினேன். சம்பந்தமே இல்லாத நாலு பேர் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. கடைசியில் மூச்சிரைக்க ஓடிப்போய் அவர் முன்னால் நின்றுதான் விஷயத்தைச் சொன்னேன். ‘கூப்பிட்டிருக்கலாமே’ என்றார்.

கூப்பிடாமலே காலம் தள்ளுவது நமக்கு மரியாதைபோலத் தோன்றும். கூப்பிடப்படாதவருக்கு அது வேறு மாதிரி தெரியும். ‘இவருக்கு என்னோடு பேச இஷ்டமில்லை போல’ என்றுதான் முதலில் நினைப்பார். மீட்டிங்கில் ஒரு சந்தேகம் என்றால் நீங்கள் அவர் பார்வை உங்கள் பக்கம் திரும்பும்வரை காத்திருப்பீர்கள். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். உங்கள் கருத்து உங்களிடமே தங்கிவிடும். ஐந்து மாதத்தில் இப்படி எத்தனை முறை நடந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பெயரா, மேடமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள் இல்லை. ரோஜர் பிரவுன், மார்கரீட் ஃபோர்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மக்கள் ஒருவரை ஒருவர் எப்படி அழைக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1961-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கவனித்த இடங்களில் ஒன்று, உங்கள் அலுவலகம் மாதிரியே, பாஸ்டன் நகரில் இருந்த ஒரு வரைபட நிறுவனம். மிஸ்டர், மிஸ் என்று சேர்த்து மரியாதையாக அழைப்பதிலிருந்து வெறும் பெயருக்கு இறங்கி வரும்போது, அந்த முதல் அடியை எடுத்து வைப்பவர் பெரும்பாலும் மேல்நிலையில் இருப்பவர்தான் என்று அவர்கள் கண்டார்கள். நம் ஊரிலும் நடப்பது இதுதான். மேலே இருப்பவர் ‘பெயர் சொல்லுங்க’ என்று கதவைத் திறப்பார். திறந்த கதவுக்கு வெளியே நீங்கள் ஐந்து மாதம் நின்றுகொண்டிருந்தீர்கள்.

புது மேனேஜரை இந்தப் பதிலுக்காகக் கவிதா என்று வைத்துக்கொள்வோம். முதல் வணக்கத்தில் எந்த அழைப்புச் சொல்லும் தேவையே இல்லை. ‘வணக்கம்’ அல்லது ‘குட் மார்னிங்’, உடனே உங்கள் பெயர். அது முழுமையான, மரியாதையான வாக்கியம். பின்னால் மேடம் ஒட்டாததால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பேச்சு கொஞ்சம் நகர்ந்ததும் நேராகவே கேட்டுவிடுங்கள்: ‘இங்க எல்லாரும் பெயர் சொல்லித்தான் பேசறோம். உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?’

‘கவிதான்னே சொல்லுங்க’ என்று பதில் வந்தால், அந்தச் சந்திப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது சொல்லிவிடுங்கள். ‘சரி கவிதா, நாளைக்கு அந்த ஃபைலை அனுப்பறேன்’ என்று சாதாரணமாக. இதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். முதல் நாள் சொல்லாத பெயர் இரண்டாம் நாள் இரண்டு மடங்கு கனமாகிவிடும். ஐந்தாம் மாதம் தூக்கவே முடியாது, அது உங்கள் அனுபவம்தானே.

‘மேடம்’ என்றே கூப்பிடுங்கள் என்று அவர் சொன்னால் மேடம்தான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, உங்களுக்கு அது பழகிய பாதை. அவர் சிரித்து மழுப்பி, பதில் சொல்லாமல் விட்டால்? இரண்டு நாள் மேடம் என்றே வைத்துக்கொண்டு, பெங்களூரிலிருந்து பேசும் பழைய டீம்காரர்கள் அவரை எப்படி அழைக்கிறார்கள், அவர் மெயிலின் கீழே வெறும் பெயரோடு கையெழுத்திடுகிறாரா என்று பாருங்கள். அங்கே உண்மையான பதில் கிடைத்துவிடும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். பெயர் சொன்னால் மரியாதை போய்விடும் என்று உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம், இந்தப் பழக்கம் ஆங்கிலத்தோடு சேர்ந்து வந்தது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல். மரியாதையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாம் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு சாரை ஒட்டிவிடுகிறோம். தமிழில் அந்தக் கவலையே இல்லை. ‘கவிதா, நீங்க சொன்ன மாற்றத்தைப் போட்டுட்டேன், ஒரு தடவை பாத்துடறீங்களா?’ இந்த வாக்கியத்தில் பெயர் மொட்டையாகத்தான் நிற்கிறது. ஆனால் ‘நீங்க’ இருக்கிறது, ‘பாத்துடறீங்களா’ இருக்கிறது. மரியாதை வினைச்சொல்லின் முடிவில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அதிலும் நீங்கள் கோவைக்காரர். ‘சரிங்க’, ‘ஆமாங்க’, ‘வந்துட்டனுங்க’ என்று மூச்சுக்கு மூச்சு ‘ங்க’ போடும் ஊர். உங்களுக்கு மரியாதைப் பஞ்சம் வர வாய்ப்பே இல்லை.

இன்னும் ஒன்று. ஒருவரை நேரில் எப்படி அழைக்கிறோம் என்பதைவிட, அவர் இல்லாத இடத்தில் எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் குட்டு வெளிப்படும். நேரில் வரிக்கு வரி மேடம் போட்டுவிட்டு, டீக்கடையில் ‘அவ என்ன சொன்னா தெரியுமா’ என்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘கவிதா சொன்னாங்க’ என்று இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி சொல்லிப் பழகிவிட்டால் பெயர் சொல்வதில் உள்ள கூச்சம் பாதி போய்விடும்.

கையும் காலும்

கை கொடுப்பதைப் பொறுத்தவரை வழி எளிது. அவர் கை நீட்டினால் கொடுங்கள், நீட்டாவிட்டால் நெஞ்சுக்கு நேரே கைகூப்பி வணக்கம். நம் அலுவலகங்களில் பெண்ணுக்கு ஆண் முதலில் கை நீட்டாமல் இருப்பதே நல்லது. சிலர் கை கொடுக்க விரும்புவதில்லை. நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொள்ளும் அந்த ஒரு விநாடி இரண்டு பேருக்கும் சங்கடம். கொடுப்பதானால் ஒரு கை, முழு உள்ளங்கை, ஒன்றிரண்டு அசைவு, அவ்வளவுதான். இரண்டு கையாலும் பொத்திப் பிடிப்பது கல்யாண வீட்டு வாசலுக்கு உரியது. விரல் நுனியை மட்டும் தொட்டு விடுவதும் வேண்டாம், அது கை கொடுக்கப் பயந்த மாதிரி இருக்கும்.

எழுந்து நிற்பதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். உங்கள் இருக்கைக்கு ஒருவர் முதல்முறை வந்து பேசினால் எழுவது நல்ல பழக்கம், மேனேஜராக இருந்தாலும் புதிதாகச் சேர்ந்த பையனாக இருந்தாலும். பிரச்சினை எழுந்ததற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. ‘உட்காருங்க’ என்று சொல்வார்கள். ‘இருக்கட்டுங்க, பரவாயில்லை’ என்போம். மறுபடியும் சொல்வார்கள். மறுபடியும் பரவாயில்லை. அவர் உட்கார்ந்தபடி பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்துப் பேச வேண்டியிருக்கும். அவருக்கு வலிக்கும் கழுத்தை நாம் மரியாதைக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். முதல் தடவை சொன்னதுமே உட்கார்ந்துவிடுங்கள், நாற்காலியின் நுனியில் இல்லாமல் நன்றாகச் சாய்ந்து.

‘ஓவரா குனியறாரு’ என்று சொன்னவர் உங்கள் கைகூப்பலைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேனா? இல்லை. கைகூப்புவதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஜால்ரா என்ற பெயர் வருவது, மரியாதை ஒரே திசையில் மட்டும் போகும்போது. மேனேஜர் வந்தால் துள்ளி எழுகிறவர், டீ கொண்டுவரும் அக்காவைப் பார்க்காமலே கப்பை வாங்கிக்கொண்டால், பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார். நீங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் தினமும் ஒரு ‘குட் மார்னிங்’ சொல்லிவிட்டு உள்ளே வருகிறவரின் வணக்கத்தை யாரும் சோப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

பொக்கே வேண்டாம். நீங்கள் மட்டும் தனியாகக் கொடுத்தால் அவரும் நெளிவார், மற்றவர்களும் முறைப்பார்கள். டீம் சேர்ந்து ஏதாவது செய்தால் உங்கள் பங்கைக் கொடுத்துவிடுங்கள். சால்வைக்கு அங்கே வேலையே இல்லை.

முதல் இருபது விநாடி

முதல் நாளிலேயே நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்கிறீர்களே, அங்கே எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. புது மேனேஜருக்கு அன்று பத்துப் பதினைந்து முகங்கள். யார் எவ்வளவு அழகாக வணக்கம் சொன்னார்கள் என்பதெல்லாம் சாயங்காலம் நினைவில் நிற்காது. ‘இவரிடம் இந்த வேலை இருக்கிறது’ என்பது நிற்கும். ஆகவே அறிமுகத்தில் மூன்றே விஷயம் போதும். உங்கள் பெயர், உங்கள் கையில் இருக்கும் வேலை, இந்த வாரம் அவருக்கு உங்களிடமிருந்து தேவைப்படப் போகும் ஒன்று.

இப்படி: ‘வணக்கம். என் பேரு (உங்கள் பெயர்). வால்வு வரைபடங்களை வெளியே அனுப்பறதுக்கு முன்னாடி சரிபார்க்கிறது நான்தான். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் மறுஆய்வு இருக்கு, அதுக்கு ரெண்டு வரைபடத்துல உங்க ஒப்புதல் வேணும். எப்ப வசதின்னு சொன்னா வந்து காட்டறேன்.’ சொல்லிப் பாருங்கள், இருபது விநாடிக்குள் முடிந்துவிடும். இதில் புகழ்ச்சி இல்லை, 14 வருட அனுபவப் பட்டியலும் இல்லை. ஆனால் அவருக்கு உங்களிடம் மறுபடி வந்து பேச ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இரண்டாவது பேச்சு தானாக நடந்தால் முதல் பேச்சின் இறுக்கம் அதிலேயே தளர்ந்துவிடும்.

அறையில் தமிழ் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் இதையே ஆங்கிலத்தில் சொல்லுங்கள். தனியாக இருக்கும்போது அவர் தமிழுக்கு மாறினால் நீங்களும் மாறலாம். தமிழ்நாட்டுக்காரர் என்று தெரிந்ததும் நமக்கு வாயில் வரும் அடுத்த கேள்வி, ‘சொந்த ஊர் எதுங்க? எந்தப் பக்கம்?’ என்பது. நீங்கள் வெள்ளை மனதோடுதான் கேட்பீர்கள். ஆனால் அந்தக் கேள்வி இரண்டு மூன்று படி தாண்டி எங்கே போய் நிற்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். அவர்களாக ஊரைச் சொன்னால் சந்தோஷமாகப் பேசுங்கள். நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். கல்யாணம், குழந்தை, ‘இந்த வயசுலயே மேனேஜரா’ எல்லாம் அதே கணக்குதான்.

வாய் தவறி ‘சரி சார்’ என்று அவரிடமே வந்துவிட்டால்? 14 வருடப் பழக்கம், வரத்தான் செய்யும். ‘மன்னிக்கணும், பழக்கதோஷம்’ என்று சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அதற்கு மூன்று வாக்கியம் விளக்கம் கொடுத்தால்தான் அது ஒரு சம்பவமாகிவிடும்.

உங்கள் கையிலும் ஒரு கதவு இருக்கிறது

கடிதத்தில் எட்டு வயது சின்னவர் என்று ஒரு வார்த்தையில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. நம் ஊரில் யார் பெரியவர் என்று பார்க்க இரண்டு ஏணிகள் உண்டு. பதவி ஏணியில் கவிதா மேலே, நீங்கள் கீழே. வயது ஏணியில் நீங்கள் மேலே, அவர் கீழே. உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் அவருக்கும் இதே தயக்கம் இருக்கலாம். தன்னைவிட மூத்தவரைத் தமிழில் வெறும் பெயரால் அழைத்து வேலை சொல்ல வேண்டிய இளம் மேலாளர்கள் என்னிடம் வந்து இதையே புலம்பியிருக்கிறார்கள். சிலர் ‘சார்’ போடுகிறார்கள், சிலர் ‘அண்ணா’ என்கிறார்கள். சிலர் உங்களைப் போலவே எதுவும் சொல்லாமல் மெயிலிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறார்கள்.

வயது ஏணியில் கதவைத் திறக்க வேண்டியவர் நீங்கள். அவர் உங்களை ‘சார்’ என்று அழைத்தால், ‘என்னையும் பேர் சொல்லியே கூப்பிடுங்க, எனக்கு அதுதான் வசதி’ என்று ஒரு வரி சொல்லுங்கள். ‘எப்படிக் கூப்பிடட்டும்’ என்று நீங்கள் அவரிடம் கேட்கும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இதே ஏணியில் ஒரு வழுக்குப் படியும் இருக்கிறது. இப்போது நீங்கள் கவலைப்படுவது அதிக இறுக்கத்தை நினைத்து. ஒரு மாதம் கழித்துப் பழகியதும் எதிர்ப்பக்கம் சறுக்கலாம். ‘சரிம்மா’, ‘சொல்லும்மா’, ‘அப்படி இல்லம்மா’. நம் ஊரில் இது அன்பில் வருவது, இன்னும் கொஞ்சம் போனால் ‘அம்மணி’ வந்துவிடும். வீட்டில் தங்கைக்கு அது அழகு. ஆனால் மீட்டிங்கில் பத்துப் பேர் முன்னால் ‘அது சரியா வராதும்மா’ என்று நீங்கள் சொன்னால், அவர் அந்த இடத்தில் மேனேஜராக இல்லாமல் வீட்டுப் பெண்ணாகிவிடுவார். அவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார். முகம் ஒரு கணம் இறுகும், உங்கள் வரைபடத்தைப் பற்றிய பேச்சு சுருக்கமாக முடிந்துவிடும். அப்படி நடப்பது கண்ணில் பட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். இடையில் ‘ம்மா’ வருகிறதா என்று உங்கள் பேச்சை நீங்களே கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். ‘சரிங்க கவிதா’ என்பதில் அந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

திங்கட்கிழமைக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. ஒத்திகை பார்க்க உங்களுக்கு ஒருவர் தயாராக இருக்கிறார். பழைய மேனேஜர் அதே மாடியில்தானே உட்கார்ந்திருக்கிறார்? நீங்கள் பெயர் சொல்லலாம் என்று ஐந்து மாதம் முன்பே அனுமதி கொடுத்தவர். வெள்ளிக்கிழமைக்குள் ஒருநாள் காபி மிஷின் பக்கம் பார்த்தால், பெயரைச் சொல்லி ஒரு ‘குட் மார்னிங்’ சொல்லுங்கள். திரும்பிப் பார்ப்பார், ‘குட் மார்னிங்’ என்பார், காபியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.